கேஷியருக்கு ஆஃபர் லெட்டர்: கல்லா கணக்கு எழுதாத லெட்டர் பாதி லெட்டர்தான்

கேள்வி: மதுரை காளவாசல் பக்கம் அசைவ ஹோட்டல் வைத்திருக்கிறேன் சார். என்னைச் சேர்க்காமல் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். இதுவரை கல்லாவில் நானும் என் மச்சானும் மாறி மாறி உட்காருவோம், இப்போதுதான் முதல்முறையாக வெளியாள் ஒருவரை கேஷியராக எடுக்கிறேன், வாடிப்பட்டிப் பையன். லெட்டரில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாதச் சம்பளம் ரூ.16,000. வேலை நேரம் காலை 11 முதல் இரவு 11 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, வாரம் ஒரு நாள் லீவு. ஆறு மாதம் புரொபேஷன், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும், அதுவரை இ.எஸ்.ஐ. கிடையாது. முதல் மாதம் 15 நாள் சம்பளம் பிடித்து வைக்கப்படும். கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்." இது போதுமா, பின்னால் எனக்கு ஏதும் பிரச்சனை வருமா?

பதில்: கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கேஷியர் வேலையில் சம்பளம், நேரம், புரொபேஷன் மூன்றும் கடைசியில் அந்த வரியில்தான் வந்து முட்டும்.

"கல்லாவில் குறைந்தால் பிடிக்கப்படும்" என்று மொட்டையாக எழுதினால் அது சட்டப்படி நிற்காது. பணம் கையாள்கிறவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய 1936-ம் வருட ஊதியச் சட்டத்திலேயே இடம் இருந்தது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அவர் கணக்குச் சொல்ல வேண்டிய பணமாக இருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோதான் நேரடியாகக் குறைந்தது என்று தெரிய வேண்டும், பிடிப்பதற்கு முன்னால் அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். குறைந்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

இதில் உங்களுக்குச் சிக்கலான இடம் "நேரடியாக" என்பது. உங்கள் கல்லாவில் அவர் ஒருவர் கை மட்டுமா போகிறது? நீங்கள் கொஞ்ச நேரம் உட்காருவீர்கள், மச்சான் வருவார், சூப்பர்வைசர் காய்க்காரருக்குக் கொடுக்கப் பணம் எடுப்பார். ஒரே டிராயரில் நாலு கை போனால் ராத்திரி குறைகிற பணத்துக்கு யார் பொறுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் உங்களாலும் சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை ராத்திரியை வைத்துப் பார்ப்போம். காலையில் சில்லறைக்காக 3,000 ரூபாய் வைத்துக் கல்லாவைத் திறக்கிறீர்கள். அன்று ரொக்கப் பில் மொத்தம் 21,450. வாழை இலைக்கு 600, பாலுக்கு 840 வவுச்சர் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, சாயங்காலம் நீங்கள் 5,000 எடுத்து எழுதியும் வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் டிராயரில் 18,010 இருக்க வேண்டும். எண்ணினால் 16,760 தான் இருக்கிறது. 1,250 ரூபாய் ஷார்ட்.

உங்கள் லெட்டர்படி பையனுக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. ஆனால் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் வேறு கதை வெளியே வரும். யு.பி.ஐ. கணக்கில் வந்த பணத்தை பில் மெஷினில் உள்ள யு.பி.ஐ. மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 830 ரூபாய் அதிகமாக வந்திருக்கும்: எட்டாம் நம்பர் டேபிள்காரர் போனில் அனுப்பியதை கேஷியர் கூட்டத்தில் ரொக்கம் என்று அழுத்திவிட்டார். மீதி 420 ரூபாய், சூப்பர்வைசர் தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் வவுச்சர் இல்லாமல் எடுத்தது. ஒரு ரூபாய்கூடத் தொலையவில்லை. கல்லாவில் ஷார்ட் என்று சொல்லப்படுவதில் நிறைய இப்படித்தான் இருக்கும், இதைத் தேடாமலே சம்பளத்தில் பிடித்தால் ஒரு தப்பும் செய்யாதவர் காசு கட்டுகிறார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, முதலாளிகள் இதைக் கவனிப்பதே இல்லை. திருடுகிற கேஷியருடைய கல்லா குறையாது. அவர் காசை வாங்கிக்கொண்டு பில்லை கேன்சல் செய்வார், அல்லது பார்சலுக்கு பில்லே போட மாட்டார், பழைய பில்லின் டூப்ளிகேட்டை எடுத்து நீட்டுவார். ராத்திரி எண்ணினால் கணக்கு சுத்தமாக டேலி ஆகும். ஆகவே ஷார்ட்டுக்குப் பிடிப்பேன் என்கிற வரியில் மாட்டுவது சில்லறையில் தடுமாறுகிற நேர்மையான ஆள் மட்டும்தான். அதோடு அந்த வரி அவரையும் கெடுத்துவிடும், எப்படியென்றால் நாளைக்கு ஷார்ட் வந்தால் நம் தலையில்தான் விழும் என்று தெரிந்தவர் இன்றைக்கு அதிகமாக வந்த 60 ரூபாயைக் காட்ட மாட்டார், தனியாக ஒதுக்கி வைப்பார், "சில்லறை இல்லை சார்" என்று வாடிக்கையாளரிடம் இரண்டு ரூபாய் ஐந்து ரூபாயாகச் சேர்ப்பார். கல்லாவுக்குள்ளே கணக்கில் வராத இன்னொரு கல்லா உருவாகிவிடும். அதனால் லெட்டரில் குறைவையும் அதிகத்தையும் சேர்த்தே எழுதுங்கள், இரண்டையும் அன்றன்றே நோட்டில் பதிய வேண்டும் என்று. கேன்சல் பில்லுக்கான பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

சரி, இப்போது வேலை நேரம். 11 முதல் 11 என்றால் சாப்பாட்டு நேரம் போக 11 மணி நேர வேலை, ஆறு நாளைக்கு 66 மணி. சட்டம் அனுமதிப்பது வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி. உங்கள் 16,000-ஐ 26 நாளால் வகுத்து, அதை எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு சுமார் 77 ரூபாய், இரட்டிப்பு என்றால் 154. வாரம் 18 மணி அதிகம், மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12,000 ரூபாய். அதாவது 16,000 சம்பளம் என்று எழுதிய அதே தாளில், மாதாமாதம் 12,000 பாக்கி வைக்கிறேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரு வருடம் கழித்து அவர் கோபித்துக்கொண்டு போய் அந்த லெட்டரை எடுத்து நீட்டினால் வேறு சாட்சியே தேவையில்லை. இரட்டிப்புக் கொடுத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், ஓவர்டைமுக்கும் உச்சவரம்பு உண்டு.

உங்கள் மாதிரி ஹோட்டலுக்கு பிரேக் ஷிஃப்ட்தான் சரியாக வரும். பகல் 12 முதல் 3.30, சாயங்காலம் 6.30 முதல் 11. மொத்தம் எட்டு மணி, ஆறு நாளைக்கு 48, வார வரம்பைத் தாண்டாது. காலை 11 மணிக்குக் கடை திறக்கிறபோது நீங்களோ மச்சானோ ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம், சாயங்காலம் டீ, பஜ்ஜி நேரத்தையும் அப்படியே. ராத்திரி 11 மணியில் ஒன்றைக் கவனியுங்கள்: கடைசி அரை மணி கல்லா எண்ணுகிற நேரம். பல கடைகளில் ஷட்டரை இறக்கியதோடு டூட்டி முடிந்தது என்று எழுதிவிட்டு, அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நோட்டு எண்ண வைக்கிறார்கள். எண்ணுவதும் வேலைதான். 10.30-க்கு பில் போடுவதை நிறுத்திவிட்டு 11-க்குள் கணக்கை முடியுங்கள், தூக்கத்தில் எண்ணுகிற நோட்டு சரியாக இருக்காது. பையன் வாடிப்பட்டி என்கிறீர்கள், ராத்திரி 11-க்கு மேல் தினமும் ஊருக்குப் போய்ப் பகலில் திரும்ப முடியுமா, நடுவில் மூன்று மணி நேரம் எங்கே இருப்பார் என்று இப்போதே பேசிவிடுங்கள். தங்க இடம் கொடுப்பதாக இருந்தால், சாப்பாடும் தங்குமிடமும் 16,000-க்கு மேலா அதற்குள்ளேயா என்பதை லெட்டரில் எழுத வேண்டும். வாயால் சொன்னது மூன்றாம் மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிரேக் ஷிஃப்ட் வைத்தால் கல்லா ஒரு நாளைக்குப் பல தடவை கை மாறும். அங்கேதான் முறை வேண்டும். 3.30-க்கு அவர் தன் டிராயர் தட்டை உங்கள் முன்னால் எண்ணி, நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தட்டைப் பூட்டி வைத்துவிடட்டும். நீங்கள் வேறு தட்டில், ஆயிரம் ரூபாய் சில்லறையோடு உட்காருங்கள். பில் மெஷினிலும் அவருக்கு ஒரு லாகின், உங்களுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. 6.30-க்கு அவர் தன் தட்டைத் திறந்து மறுபடி எண்ணிக்கொண்டு உட்காரட்டும். நாலு நிமிட வேலை. இதைச் செய்தால்தான் "அவர் கணக்குச் சொல்ல வேண்டிய பணம்" என்ற சொல்லுக்கு அர்த்தமே வரும்.

சம்பளத்தில் எனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஹோட்டல் வேலைக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது, அதில் பஞ்சப்படி ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 1-ம் தேதி மாறும். உங்கள் பகுதிக்கும் கேஷியர் வேலைக்கும் பொருந்துகிற இந்த வருடத் தொகையைத் தொழிலாளர் துறையில் பார்த்துவிட்டு, 16,000 அதற்குக் குறையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்தால் லெட்டரில் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

இரண்டாவது, 15 நாள் சம்பளத்தைப் பிடித்து வைப்பது. இதை உடனே அடித்துவிடுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் முழுதாகப் போக வேண்டும், ஒருவர் வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஆள் சொல்லாமல் ஓடிவிடுவான் என்ற பயத்தில்தான் இதை வைக்கிறார்கள், எனக்குத் தெரிகிறது. ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முதல் மாதத்திலேயே பாதிச் சம்பளத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதே ஆளிடம் தினமும் இருபதாயிரம் ரொக்கத்தைக் கொடுத்து உட்கார வைப்பது உங்கள் கல்லாவுக்கே ஆபத்து. கையில் காசில்லாதவரை ரொக்கத்துக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கி வைப்பதும், தேதி போடாத செக் வாங்குவதும் இதே வகைதான், வேண்டாம். ஆதார் நகலும், தெரிந்தவர் இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் போதும்.

புரொபேஷன் பற்றி. "அதுவரை இ.எஸ்.ஐ. கிடையாது" என்பது முழுக்கத் தப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில், சம்பளம் 21,000-க்குள் இருந்தால், சேர்ந்த முதல் நாளிலிருந்து இ.எஸ்.ஐ. உண்டு, புரொபேஷன் என்று ஒரு விலக்கே அந்தச் சட்டத்தில் இல்லை. 16,000-க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். இந்த 520-ஐ மிச்சம் பிடிக்கப் போய், அவர் ராத்திரி பைக்கில் வரும்போது விழுந்து கை உடைந்தால் அந்தச் செலவு உங்கள் வாசலில் வந்து நிற்கும். அப்புறம், மற்ற 14 பேருக்கும் இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் இந்த லெட்டருக்கு முன்னால் அதை முடியுங்கள். பி.எஃப். இருபது பேர் ஆனால்தான், இப்போதைக்கு உங்களுக்கு வராது.

காலம் எவ்வளவு என்றால், கேஷியருக்கு மூன்று மாதம் போதும் என்பது என் கருத்து. மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணைகளிலும் புரொபேஷன் மூன்று மாதம்தான். பரோட்டா மாஸ்டருக்குக் கைப்பக்குவம் தெரிய நாளாகும், கேஷியரை ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், ஞாயிறு மதியக் கூட்டத்தைச் சமாளிக்கிறாரா, ஷார்ட்டும் அதிகமும் அன்றன்று எழுதுகிறாரா என்பதுதான் சோதனை. போதவில்லை என்றால் ஒரே ஒரு தடவை, இன்னும் மூன்று மாதம், காரணத்தை எழுதிக் கொடுத்து நீட்டுங்கள். "தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்" என்று எல்லையில்லாமல் எழுதினால் இரண்டு வருடம் ஓடிவிடும், அவர் நிரந்தரமா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

புரொபேஷனில் ஆளைப் பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் நிறுத்துகிற கடிதத்தில் "கல்லாவில் கையாடல் செய்ததால்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது சாதாரண நிறுத்தம் இல்லை, குற்றம் சாட்டித் தண்டிப்பது. அதற்கு முறையான விசாரணை வேண்டும். விசாரிக்காமல் எழுதிய அந்த ஒரு வரி ஒரு பையனுக்கு வேறு எந்தக் கடையிலும் கல்லா வேலை கிடைக்காமல் செய்துவிடும், அதைக் காட்டியே உங்கள் உத்தரவையும் ரத்து செய்ய வைக்க முடியும். வேலை திருப்தியாக இல்லை என்றால் அதை மட்டும் எழுதுங்கள். திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் விளக்கம் கேட்டு எழுதி, பதில் வாங்கி, விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவையும் வைத்து லெட்டரை இப்படித் திருத்தியிருக்கிறேன். உங்கள் கடைப் பெயர் போட்ட தாளில் தமிழிலேயே இருக்கட்டும்.

"திரு. ______ அவர்களுக்கு, எங்கள் உணவகத்தில் கேஷியராக ______ தேதி முதல் நியமிக்கிறோம். மாதச் சம்பளம் ரூ.16,000. இதில் உங்கள் பங்கு இ.எஸ்.ஐ. ரூ.120 பிடிக்கப்படும். வேலை நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு இதற்கு மேல் தரப்படும், அதற்குப் பிடித்தம் இல்லை. சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும்.

வேலை நேரம் பகல் 12 முதல் 3.30 வரை, மாலை 6.30 முதல் இரவு 11 வரை. கல்லா எண்ணி ஒப்படைக்கும் நேரம் இதில் அடங்கும். வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. இதற்கு மேல் வேலை செய்யக் கேட்டால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். தேசிய, பண்டிகை விடுமுறை நாளில் வேலை பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை.

முதல் மூன்று மாதம் புரொபேஷன். தேவையானால் காரணத்தை எழுத்தில் தெரிவித்து ஒருமுறை மட்டும் மூன்று மாதம் நீட்டிக்கப்படும். அது முடியும் நாளில் நீட்டிப்போ நிறுத்தமோ எழுத்தில் தராவிட்டால் நீங்கள் நிரந்தரமானவராகக் கருதப்படுவீர்கள். புரொபேஷனில் இரு தரப்பும் 7 நாள், அதன்பின் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

உங்கள் டிராயரும் பில் மெஷின் லாகினும் உங்களுக்கு மட்டும் உரியவை. ஒவ்வொரு முறை ஒப்படைக்கும்போதும் இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். வவுச்சர் இல்லாமல் யாருக்கும், உரிமையாளர் குடும்பத்தாருக்கும், பணம் தரக் கூடாது. குறைவு, அதிகம் இரண்டும் அன்றே பதியப்படும். நாளொன்றுக்கு ரூ.50 வரையிலான சில்லறை வித்தியாசம் கணக்கில் எடுக்கப்படாது. அதற்கு மேல் குறைந்தால் பில், யு.பி.ஐ., வவுச்சர் மூன்றையும் சரிபார்த்து, உங்கள் விளக்கத்தை எழுத்தில் பெற்ற பிறகு, உங்கள் கவனக்குறைவே காரணம் என்று தெரிந்தால் மட்டும், அந்தத் தொகை சட்ட வரம்புக்குள் பிடிக்கப்படும்."

"உரிமையாளர் குடும்பத்தாருக்கும்" என்ற இரண்டு சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். மச்சான் வந்து "ஐந்நூறு கொடு, அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்" என்றால் நேற்று சேர்ந்த பையனால் மறுக்க முடியாது. லெட்டரைக் காட்டி "வவுச்சர் போட்டுக் கொடுங்கண்ணே" என்று கேட்க அவருக்கு அந்த வரி வேண்டும். மச்சானிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பண்டிகை நாள் வரியை மதுரைக்காக யோசித்து வைத்தேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று உங்கள் கடையில் யாருக்கும் லீவு கொடுக்க முடியாது, அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்று வைகைக் கரையில்தான் இருப்பார்கள். அந்த நாள் உங்கள் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் இருந்தால் இரட்டிப்பா, மாற்று விடுமுறையா என்பதை முந்தின வாரமே பேசி முடியுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயமாகியிருக்கிறது, அதனால் மற்ற 14 பேருக்கும் இதே மாதிரி ஒரு லெட்டர் தயார் செய்யுங்கள், கல்லா பத்தியை மட்டும் விட்டுவிட்டு. கேஷியருடையதை இரண்டு பிரதி எடுத்து, சேருகிற நாளுக்கு முன்னாலேயே ஒன்றை அவரிடம் கொடுத்து வீட்டில் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் வாரம் நீங்களோ மச்சானோ பக்கத்திலேயே உட்கார்ந்து பில் மெஷினையும் வவுச்சர் நோட்டையும் பழக்கிவிடுங்கள், அந்த ஒரு வாரத்து வித்தியாசம் எதையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள்.